இன்ட்ராடே லாபத்தை மூலதன ஆதாயத்தில் காட்டிவிட்டீர்களா? 2025 டிசம்பர் 31-க்குள் திருத்தலாம்

கேள்வி: ஐயா, கோவையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆண்டுச் சம்பளம் 9,75,000 ரூபாய். புதிய வரி முறை. 2024 ஆகஸ்ட்டில் ஆன்லைனில் டிரேடிங் தொடங்கினேன். 2025 மார்ச் வரை டெலிவரியில் 80,000 லாபம், இன்ட்ராடேயில் 1,20,000 லாபம், ஆப்ஷனில் 50,000 நஷ்டம். ஆப் காட்டிய மொத்த லாபம் 1,50,000. அதை அப்படியே குறுகிய கால மூலதன ஆதாயம் என்று ITR-2-இல் போட்டு, 20% வரியும் கட்டி, செப்டம்பர் 10-ஆம் தேதி தாக்கல் செய்துவிட்டேன். தலைப்பே தவறு, நோட்டீஸ் வரும் என்று அலுவலக நண்பர் சொல்கிறார். உண்மையா? தொழில் வருமானம் என்று மாற்றினால் வேலைக்குச் சிக்கல் வருமா? தரகுச் செலவு விவரங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் நண்பர் சொன்னது சரிதான். 1,50,000 ரூபாயில் டெலிவரி லாபம் மட்டும்தான் மூலதன ஆதாயம். இன்ட்ராடேயும் ஆப்ஷனும் தொழில் வருமானம் என்ற தலைப்பின் கீழ் வர வேண்டும். ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்கிறீர்கள். இந்தப் பதிலை 2025 நவம்பரில் எழுதுகிறேன். டிசம்பர் 31-ஆம் தேதிக்குள் திருத்திய ரிட்டர்ன் போட்டால் போதும், அதற்குத் தனிக் கட்டணமும் கிடையாது. நீங்கள் அனுப்பிய விவரங்களைப் போட்டுப் பார்த்தேன். தவறான தலைப்பால் நீங்கள் வரியைக் குறைத்துக் கட்டவில்லை, 10,400 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருக்கிறீர்கள். திருத்தினால் அது உங்களுக்குத் திரும்ப வரும்.

எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். காரணம் புரிந்துவிட்டால் அடுத்த வருடம் நீங்களே சரியாகப் போட்டுவிடுவீர்கள்.

மூலதன ஆதாயம் என்றால், உங்களிடம் ஒரு சொத்து இருந்தது, அதை விற்றீர்கள், அதில் லாபம் வந்தது என்று பொருள். டெலிவரியில் வாங்கிய பங்கு உங்கள் டீமேட் கணக்குக்கு வந்து சேர்கிறது. இரண்டு மாதம் கழித்து விற்கும்போது அங்கிருந்து வெளியே போகிறது. சொத்து வந்தது, சொத்து போனது. இன்ட்ராடேயில் அப்படி எதுவும் நடப்பதில்லை. காலை பத்து மணிக்கு 200 பங்கு வாங்கி மதியம் இரண்டு மணிக்கு விற்றால், அந்த 200 பங்கு உங்கள் டீமேட்டை எட்டிப் பார்ப்பதே இல்லை. இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் உங்கள் கணக்கில் வரவு அல்லது பற்று ஆகிறது. வருமான வரிச் சட்டத்தின் 43(5) பிரிவு இதைத்தான் ஊக வணிகம் என்கிறது. பொருளைக் கைமாற்றாமல் வேறு வகையில் தீர்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் ஊக வணிகம். சட்டம் அதைத் தொழில் வருமானத்துக்குள் வைத்தாலும், மற்ற தொழில்களோடு கலக்காமல் தனித் தொழிலாகவே பார்க்கிறது.

ஆப்ஷனிலும் பங்கு கைக்கு வராமலேயே கணக்கு முடியலாம், அப்படியானால் அதுவும் ஊக வணிகம்தானே என்று கேட்பீர்கள். இருபது வருடங்களுக்கு முன்பு அப்படித்தான் இருந்தது. 2005-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் அந்த 43(5) பிரிவிலேயே ஒரு விலக்கு சேர்த்தார்கள். அங்கீகாரம் பெற்ற பங்குச் சந்தையில் நடக்கும் ஃபியூச்சர், ஆப்ஷன் வணிகம் ஊக வணிகம் ஆகாது, அது சாதாரணத் தொழில். ஆக, ஒரே ஆப்பில், ஒரே திரையில், ஒரே மொத்தமாகத் தெரிந்த உங்கள் 1,50,000 ரூபாய் சட்டத்தின் கண்ணில் மூன்று வெவ்வேறு பிள்ளைகள். டெலிவரி மூலதன ஆதாயம், இன்ட்ராடே ஊக வணிகம், ஆப்ஷன் ஊகம் அல்லாத தொழில்.

மூன்றையும் பிரிக்க ஆப்பின் முகப்புப் பக்கத்தில் தெரியும் லாப நட்டத்தை நம்ப வேண்டாம். தரகு நிறுவனத்தின் இணையதளத்தில் அறிக்கைகள் பகுதிக்குப் போனால் Tax P&L என்று ஒரு அறிக்கை இருக்கும். 2024-25 நிதியாண்டைத் தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். அதில் இன்ட்ராடே, குறுகிய காலம், நீண்ட காலம், எஃப் அண்ட் ஓ என்று தனித்தனியாகப் பிரித்தே கொடுத்திருப்பார்கள். இரண்டு தரகர்களிடம் கணக்கு வைத்திருந்தால் இரண்டிடமும் வாங்க வேண்டும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. ஆப்பில் டெலிவரி ஆர்டருக்கு CNC என்றும் இன்ட்ராடே ஆர்டருக்கு MIS என்றும் பெயர். “நான் CNC என்று போட்டுத்தான் வாங்கினேன், அதனால் அது டெலிவரி” என்று பலர் சொல்கிறார்கள். ஆர்டர் போடும்போது CNC என்று தொட்டீர்களா, MIS என்று தொட்டீர்களா என்பது தரகருக்கும் உங்களுக்கும் இடையே உள்ள விஷயம். வரிக்கு அது கணக்கில்லை. CNC-யில் வாங்கி, விலை ஏறிவிட்டதே என்று அன்றைக்கே விற்றால் அது இன்ட்ராடேதான், பங்கு டீமேட்டுக்கு வரவில்லை. MIS-இல் வாங்கியதை மாலைக்குள் டெலிவரியாக மாற்றி வைத்துக்கொண்டால் அது டெலிவரி. ஏற்கெனவே உங்கள் டீமேட்டில் 100 பங்கு இருக்கும்போது, அதே பங்கில் இன்று 50 வாங்கி இன்றே 50 விற்றாலும், “பழைய பங்கைத்தான் விற்றேன்” என்று சொல்ல முடியாது. டீமேட்டில் இருந்து எதுவும் வெளியே போகவில்லை, ஆகவே அந்த 50 இன்ட்ராடேவில் சேரும். தரகரின் அறிக்கை இதையெல்லாம் சரியாகவே பிரிக்கும். நீங்கள் கையால் கணக்குப் போடும்போதுதான் தவறு வரும்.

சரி, இப்போது உங்கள் கணக்கு.

முதலில் செலவுகள். மூலதன ஆதாயத்தில் எஸ்.டி.டி. எனப்படும் பங்கு பரிவர்த்தனை வரியைக் கழிக்க முடியாது, சட்டமே தடுக்கிறது. தரகு போன்ற விற்பனைச் செலவுகளைத்தான் கழிக்கலாம். தொழில் வருமானத்தில் அந்தத் தடை இல்லை. தரகு, எஸ்.டி.டி., சந்தைக் கட்டணம், செபி கட்டணம், முத்திரைக் கட்டணம், இவற்றின் மீதான ஜி.எஸ்.டி. எல்லாமே செலவு. நீங்கள் அனுப்பிய தாளின்படி இன்ட்ராடேவுக்கு 16,000 ரூபாயும் ஆப்ஷனுக்கு 14,000 ரூபாயும் இப்படிப் போயிருக்கிறது. ஆப் காட்டிய மொத்தத்தில் இவை கழிக்கப்படவில்லை. இந்த 30,000 ரூபாயை நீங்கள் சம்பாதிக்கவே இல்லை, ஆனாலும் அதற்கும் 20% வரி கட்டியிருக்கிறீர்கள்.

செலவு போக இன்ட்ராடே லாபம் 1,04,000. செலவையும் சேர்த்தால் ஆப்ஷன் நஷ்டம் 64,000. அடுத்து நஷ்டத்தை ஈடுகட்டுவது. ஒரே தலைப்புக்குள் இருக்கும் லாப நஷ்டங்களை முதலில் அங்கேயே சரிசெய்ய வேண்டும், அப்புறம்தான் வேறு தலைப்புக்குப் போக வேண்டும். சாதாரணத் தொழிலின் நஷ்டத்தை ஊக வணிக லாபத்தில் கழிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே 1,04,000-இல் 64,000 கழித்தால் உங்கள் தொழில் வருமானம் 40,000 ரூபாய்.

இதற்கு 20% சிறப்பு வரி கிடையாது. சம்பளத்தோடு சேர்ந்து உங்கள் வரி அடுக்கின்படி வரும். சம்பளம் 9,75,000-இல் நிலைக் கழிவு 75,000 போக 9,00,000. அதன் மேல் இந்த 40,000 உட்கார்கிறது. அந்த ஆண்டின் புதிய முறையில் 7 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 10%. ஆகவே தொழில் வருமானத்துக்கு வரி 4,000 ரூபாய். டெலிவரி லாபம் 80,000 தரகுச் செலவு போக உள்ள தொகை என்று எழுதியிருக்கிறீர்கள். 2024 ஜூலை 23-க்குப் பிறகு விற்றவை எல்லாம் என்பதால் அதற்கு 20%, அதாவது 16,000. இரண்டும் சேர்த்து 20,000. நீங்கள் கட்டியது 30,000. 4% செஸ்ஸையும் சேர்த்தால் 20,800 எங்கே, 31,200 எங்கே! வித்தியாசம் 10,400. முன்கூட்டி வரி கட்டாததற்காகக் கட்டிய வட்டியும் அதற்கேற்பக் கொஞ்சம் குறையும், போர்ட்டலே அதைக் கணக்கிட்டுக்கொள்ளும்.

இதைப் படித்துவிட்டு, “அப்படியானால் தொழில் வருமானமாகக் காட்டுவதுதான் எப்போதும் லாபம்” என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். ஒருவருடைய சம்பளமே நிலைக் கழிவு போக 15 லட்சத்தைத் தாண்டுகிறது, இன்ட்ராடேவில் செலவு போக 1,50,000 சம்பாதித்திருக்கிறார், வேறு நஷ்டம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மூலதன ஆதாயம் என்று காட்டினால் 30,000 வரி. சரியான தலைப்பில் 30% அடுக்கில் 45,000. செஸ்ஸோடு 15,600 ரூபாய் குறைத்துக் கட்டியிருப்பார். அவருக்கு இது திரும்ப வரும் பணம் அல்ல, வட்டியோடு கட்ட வேண்டிய பாக்கி. தலைப்பு என்பது வரி கூடும் குறையும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் விஷயம் இல்லை. வணிகம் எப்படி நடந்ததோ அப்படித்தான் தலைப்பு.

டெலிவரியையும் தொழிலில் போட்டுவிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள், 10% அடுக்கில் இருப்பவருக்கு அந்த ஆசை வருவது இயல்பு. நீங்கள் அனுப்பிய பட்டியலில் டெலிவரிப் பரிவர்த்தனைகள் எட்டு மாதத்தில் ஒன்பதுதான். ஒவ்வொன்றையும் இரண்டு முதல் நான்கு மாதம் வைத்திருந்திருக்கிறீர்கள், சொந்தச் சேமிப்பில் வாங்கியிருக்கிறீர்கள். இது முதலீடு. மூலதன ஆதாயத்திலேயே இருக்கட்டும். கடன் வாங்கி, தினமும் வாங்கி விற்று, அதையே பிழைப்பாக வைத்திருப்பவருக்கு டெலிவரி லாபமும் தொழில் வருமானம் ஆகலாம். 2016 பிப்ரவரி 29-இல் மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட 6/2016 எண் சுற்றறிக்கையின் சாரம், 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்த பட்டியலிட்ட பங்கை வரி செலுத்துபவர் மூலதன ஆதாயம் என்று காட்டினால் அதிகாரி அதைக் கேள்வி கேட்கக் கூடாது, ஆனால் அந்த நிலைப்பாட்டை வரும் ஆண்டுகளிலும் மாற்றக் கூடாது என்பது. உங்களுடையவை 12 மாதத்துக்குக் குறைவானவை, அந்தப் பாதுகாப்பு நேரடியாகக் கிடைக்காது. ஆனாலும் ஒரே நிலைப்பாட்டில் நிற்க வேண்டும் என்பது உங்களுக்கும் பொருந்தும். இந்த ஆண்டு முதலீடு, அடுத்த ஆண்டு தொழில், மறுபடி முதலீடு என்று மாறினால் யார் பார்த்தாலும் சந்தேகம் வரும்.

நோட்டீஸ் வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் பரிவர்த்தனைகளை வருமான வரித் துறை தொகுத்து வைத்திருக்கும் AIS அறிக்கையைத் திறந்து பாருங்கள். அதில் உங்கள் டீமேட்டில் இருந்து வெளியே போன பங்குகளின் விற்பனைத் தொகை இருக்கும், உங்கள் கணக்கில் அது 6,40,000. இன்ட்ராடே டீமேட்டைத் தொடாததால் அந்தப் பட்டியலில் வராது. நீங்கள் ITR-2-இல் இன்ட்ராடே விற்பனையையும் சேர்த்து 38 லட்சத்துக்கு விற்றதாகப் போட்டிருக்கிறீர்கள். துறையின் கையில் 6,40,000, உங்கள் ரிட்டர்னில் 38 லட்சம். இப்படிப் பொருந்தாமல் நிற்கும் எண்தான் கேள்வியைக் கிளப்பும். திருத்தும்போது மூலதன ஆதாயத்தில் விற்பனை 6,40,000, வாங்கிய விலை 5,60,000, லாபம் 80,000 என்று போடுங்கள். இரண்டும் பொருந்திவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். AIS-இல் இல்லாததால் இன்ட்ராடேயைக் காட்டாமலே விட்டுவிடலாம் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதைக் கேட்காதீர்கள். தரகரின் புத்தகத்திலும் உங்கள் வங்கிக் கணக்கிலும் அது இருக்கிறது.

திருத்திய ரிட்டர்னுக்கு ITR-2 உதவாது, தொழில் வருமானம் உள்ளவர்களுக்கான ITR-3 வேண்டும். முதலில் ITR-2 போட்டவர் திருத்தும்போது ITR-3-க்கு மாறலாம், தடை இல்லை. போர்ட்டலில் மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்று தேர்ந்தெடுத்து, தாக்கல் வகையில் 139(5) திருத்திய ரிட்டர்ன் என்று குறியுங்கள். பழைய ரிட்டர்னின் ஒப்புகை எண்ணும் தாக்கல் தேதியும் கேட்கும். ஆரம்பத்தில் எந்தெந்தப் பட்டியல்கள் வேண்டும் என்று கேட்கும்போது சம்பளம், மூலதன ஆதாயம், தொழில் மூன்றையும் தேர்ந்தெடுங்கள். தொழிலின் தன்மையைக் கேட்கும் இடத்தில் ஊக வணிகத்தையும் எஃப் அண்ட் ஓ வணிகத்தையும் தனித்தனியாகச் சேருங்கள். லாப நட்டக் கணக்குப் பகுதியில் ஊக வணிகத்துக்கென்று தனி இடம் இருக்கிறது, இன்ட்ராடே எண்கள் அங்கே மட்டும் போக வேண்டும். அங்கே போடாமல் ஆப்ஷனோடு சேர்த்துப் போட்டால், தலைப்பு சரியாக இருந்தும் உள்ளே தவறாகிவிடும். இந்த வருடம் ஆப்ஷன் நஷ்டத்தை இன்ட்ராடே லாபத்தில் கழிப்பதால் விடை மாறாது, ஆனால் இன்ட்ராடேயில் நஷ்டம் வரும் வருடத்தில் எல்லாம் மாறிவிடும். ஏற்கெனவே கட்டிய வரியின் செலான் விவரத்தை மீண்டும் உள்ளிட மறக்காதீர்கள், மறந்தால் பணம் வருவதற்குப் பதில் பாக்கி காட்டும்.

படிவத்தில் டர்ன்ஓவர் எவ்வளவு என்று கேட்கும்போது பலர் அதிர்ந்து போகிறார்கள். “ஆப்ஷனில் ஒப்பந்த மதிப்பைக் கூட்டினால் கோடிக்கணக்கில் வருகிறதே, ஆடிட் செய்ய வேண்டுமா?” என்று பதறிப் போய்க் கேட்பவர்கள் ஒவ்வொரு ஆகஸ்டிலும் வருகிறார்கள். ஒப்பந்த மதிப்பு டர்ன்ஓவர் அல்ல. ஒவ்வொரு வணிகத்தின் லாபத்தையும் நஷ்டத்தையும், கூட்டல் கழித்தல் குறி பார்க்காமல் கூட்ட வேண்டும். உங்கள் இன்ட்ராடேயில் ஜெயித்த வணிகங்களின் லாபம் 2,90,000, தோற்றவற்றின் நஷ்டம் 1,70,000. நிகரம் 1,20,000 என்றாலும் டர்ன்ஓவர் 4,60,000. ஆப்ஷனில் லாபம் 3,10,000, நஷ்டம் 3,60,000, டர்ன்ஓவர் 6,70,000. மொத்தம் 11,30,000. தொழில் வருமானம் 2.5 லட்சத்தையோ டர்ன்ஓவர் 25 லட்சத்தையோ தாண்டாததால், உங்களுக்கு முறையான கணக்குப் புத்தகங்கள் வைக்கும் கட்டாயம் இல்லை. டர்ன்ஓவர், மொத்த லாபம், செலவு, நிகர லாபம் என்று சுருக்கமாகப் போடும் பகுதியே போதும். ஆடிட் பேச்சுக்கே இடமில்லை. பங்கு வணிகத்துக்கு ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டாம்.

இதை எழுதத் தொடங்கும்போதே ஒன்றை நினைத்து நிம்மதி அடைந்தேன், நீங்கள் புதிய வரி முறையில் இருக்கிறீர்கள். பழைய முறையில் இருந்திருந்தால் விஷயம் வேறு. சம்பளம் மட்டும் வாங்குபவர் ரிட்டர்னில் ஒரு டிக் அடித்துப் பழைய முறைக்குப் போகலாம், அடுத்த வருடம் திரும்பி வரலாம். தொழில் வருமானம் இருப்பவர் அப்படிச் செய்ய முடியாது. பழைய முறை வேண்டும் என்றால் படிவம் 10-IEA-ஐ ரிட்டர்னின் கெடு தேதிக்குள், இந்த முறை அது செப்டம்பர் 16, தாக்கல் செய்திருக்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய் இன்ட்ராடே லாபம் இருந்தாலும் இந்த விதி பிடித்துக்கொள்ளும். வீட்டுக் கடன் வட்டி, காப்பீடு, பிராவிடண்ட் பண்ட் எல்லாம் காட்டிப் பழைய முறையில் ITR-2 போட்டவர், இப்போது இன்ட்ராடேவுக்காக ITR-3-க்கு மாறினால், 10-IEA இல்லாததால் புதிய முறையில் கணக்கிடப்பட்டு, அந்தக் கழிவுகள் எல்லாம் போய்விடும். இன்ட்ராடே லாபம் 5,000 ரூபாய்தான், ஆனால் கழிவுகள் போனதால் வரி 40,000 கூடியது என்று ஆகலாம். அப்படிப்பட்டவர் பொத்தானை அழுத்தும் முன் ஆடிட்டர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசுவது நல்லது. வருங்காலத்துக்கும் இதை நினைவில் வையுங்கள். தொழில் வருமானம் உள்ளவர் 10-IEA மூலம் பழைய முறைக்குப் போய்விட்டுப் புதிய முறைக்கு ஒரு தடவைதான் திரும்பலாம். அதன் பிறகு தொழில் வருமானம் இருக்கும்வரை பழைய முறையின் கதவு மூடிவிடும்.

டிசம்பர் 31-ஐத் தவறவிட்டால் என்ன ஆகும்? அதன் பிறகு இருப்பது புதுப்பித்த ரிட்டர்ன், ITR-U. அது கூடுதல் வரி கட்டுவதற்கான வழி. வரியைக் குறைக்கவோ பணம் திரும்பக் கேட்கவோ அதைப் பயன்படுத்த முடியாது. ஆகவே உங்களைப் போன்றவருக்கு அந்த வழி உதவாது. 10,400 ரூபாயைத் திரும்பப் பெறுவதற்கு நடைமுறையில் உள்ள எளிய வழி டிசம்பர் 31 வரைதான் திறந்திருக்கும். இதற்கிடையில் ஏற்கெனவே போட்ட ரிட்டர்ன் பரிசீலிக்கப்பட்டு 143(1) அறிவிப்பு வந்திருந்தாலும் திருத்திய ரிட்டர்ன் போடலாம். அந்த அறிவிப்பு வரி நிர்ணய உத்தரவு ஆகாது.

உங்களுக்கு லாபம் வந்ததால் இந்தத் தவறு லேசாக முடிந்தது. இன்ட்ராடேயில் 1,20,000 நஷ்டம் வந்து, அதை மூலதன ஆதாயத்தில் போட்டு டெலிவரி லாபம் 80,000-ஐ அந்த நஷ்டத்தால் ஈடுகட்டியிருந்தால் கதை வேறு. ஊக வணிக நஷ்டத்தை ஊக வணிக லாபத்தில் மட்டும்தான் கழிக்கலாம். டெலிவரி லாபத்துக்கு முழு வரி கட்ட வேண்டும், நஷ்டம் நான்கு வருடம் வரை முன்னே போகும், அதுவும் கெடுவுக்குள் நஷ்டத்தைச் சரியான இடத்தில் காட்டியிருந்தால். முதல் ரிட்டர்னில் காட்டாத நஷ்டத்தை, திருத்திய ரிட்டர்னில் புதிதாகக் காட்டி முன்னெடுத்துப் போவது வழக்குக்கு இடம் கொடுக்கும். அதனால்தான் நஷ்டம் வந்த வருடத்தில் தாக்கலை முதல் தடவையே சரியாகச் செய்யச் சொல்கிறேன். ஆப்ஷன் நஷ்டத்துக்கு இன்னும் தாராளம் உண்டு. சம்பளத்தைத் தவிர மற்ற வருமானங்களில் கழிக்கலாம், மீதி எட்டு வருடம் வரை போகும். ஆனால் கெடு தேதி அதற்கும் பொருந்தும்.

இப்போது நடக்கும் 2025-26 நிதியாண்டுக்கு தலைப்பின் வித்தியாசம் இன்னும் பெரிது. புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரித் தள்ளுபடி உண்டு. ஆனால் அந்தத் தள்ளுபடி 20% சிறப்பு வரிக்குக் கிடையாது. இதே எண்கள் இந்த ஆண்டும் வந்தால் சம்பளம் 9,00,000, தொழில் 40,000, இரண்டுக்கும் வரி இல்லை. டெலிவரி லாபத்துக்கு மட்டும் செஸ்ஸோடு 16,640. இன்ட்ராடேயை மறுபடி மூலதன ஆதாயத்தில் போட்டால் 31,200. சட்டம் வரியே வேண்டாம் என்று விட்ட வருமானத்துக்கு நீங்களே வலியப் போய் 20% கட்டுவதாகிவிடும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறும், அதற்காகக் கலங்க வேண்டாம். இந்த இரண்டு நிதியாண்டுகளும் பழைய சட்டத்தில்தான் வரும்.

வேலை பற்றிக் கேட்டீர்கள். உங்கள் ரிட்டர்னை வருமான வரித் துறை உங்கள் கம்பெனிக்கு அனுப்பாது. தொழில் வருமானம் என்ற தலைப்பு வரிக் கணக்குக்கான பெயர், நீங்கள் கடை திறந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. உங்கள் நியமனக் கடிதத்தில் சொந்தப் பங்கு வணிகத்துக்குக் கட்டுப்பாடு ஏதும் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நிதி நிறுவனங்களிலும், பட்டியலிட்ட கம்பெனிகளின் சில பொறுப்புகளிலும் அப்படி இருக்கும். இதைப் படிக்கும் மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நடத்தை விதிகளில் 16-ஆவது விதி பங்கில் ஊக வணிகம் செய்வதையே தடுக்கிறது. அடிக்கடி வாங்கி விற்பதும் அதில் ஊகமாகவே கருதப்படும். அது வரியைத் திருத்தித் தீர்க்கும் விஷயம் இல்லை, தினசரி வணிகத்தையே நிறுத்த வேண்டியது.

திருத்திய ரிட்டர்னைச் சமர்ப்பித்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். ஆதார் ஓ.டி.பி. மூலம் அதையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும், பழைய ரிட்டர்னுக்குச் செய்தது இதற்குச் செல்லாது. சமர்ப்பித்த நாளில் இருந்து 30 நாள் அவகாசம் உண்டு, ஆனால் அதே உட்காரலில் முடித்துவிடுங்கள். அப்புறம் Tax P&L அறிக்கை, ஒப்பந்தக் குறிப்புகள், நான் மேலே போட்ட கணக்கு மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். 2026 ஜனவரியில் ஒருமுறை போர்ட்டலில் திருத்திய ரிட்டர்னின் நிலையைப் பார்த்து, ரீபண்டுக்கான வங்கிக் கணக்கு சரிபார்க்கப்பட்டிருக்கிறதா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள்.